அம்மாவின் போனில் பாட்டு நின்ற நாள்

ஐந்து வாரம் ஊரில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் மிசிசாகா திரும்பினேன். வெயில், விமானம், வங்கி வேலை என்று சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் இந்தப் பயணத்தில் என்னை அதிகம் படுத்தியது, கிளம்பும் முன்பே பதிவிறக்கி வைத்திருந்த படங்களும் பாட்டுகளும்தான்.

முதல் அடி ரயிலில். எழும்பூரிலிருந்து காரைக்குடிக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மகனுக்கு எட்டு வயது. அவனுக்காக டேப்லெட்டில் 11 படங்கள் ஏற்றியிருந்தேன். செங்கல்பட்டு தாண்டியதும் திறந்தான். "அப்பா, ஆறு படம் வரல" என்றான். அந்த ஆறின் கீழேயும் காலாவதி என்று எழுதியிருந்தது. மற்ற ஐந்தும் ஓடின.

ஏன் அந்த ஆறு மட்டும்? விமானத்தில் பையன் அந்த ஆறையும் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று போட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவியிருக்கிறான்; மற்ற ஐந்தைத் தொடவில்லை. சீர்வரிசைத் தட்டில் கைக்கு எட்டிய பழத்தையெல்லாம் ஒரு கடி கடித்து வைத்த கதை. காணொளிச் செயலிகளில் பல படங்களுக்கு இரண்டு கெடு உண்டு. தொடாமல் வைத்திருந்தால் சில வாரம் தாங்கும். ஒருமுறை 'ப்ளே' அழுத்திவிட்டால், பெரும்பாலும் 48 மணி நேரம்தான். ஜூலை 1ஆம் தேதி விமானத்தில் கடித்தது, 4ஆம் தேதி ரயிலில் செத்துப்போயிருந்தது.

நடுவில் இரண்டு நாள் சென்னையில் பெரியப்பா வீட்டில் நல்ல வைஃபை இருந்தது. டேப்லெட்டை அதில் இணைத்தும் வைத்திருந்தேன், ஆனால் செயலியைத் திறக்கவில்லை. அந்த ஆறையும் புதுப்பிக்க, செயலிக்குள் போய் ஒவ்வொரு படமாகத் தொட்டிருக்க வேண்டும். டேப்லெட்டில் இணையம் இருந்தால் போதும் என்று நான் நினைத்தது தப்பு.

ஊர் போய் மைத்துனரின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத் தொட்டபோது நான்கு படங்கள் உயிர்பெற்றன. மீதி இரண்டும் இந்த இடத்தில் கிடைக்காது என்றன. படத்துக்கான உரிமை நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில் இறக்கியதைப் புதுப்பிக்கப் போனால், நாம் இந்தியாவில் நிற்கிறோம் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் படங்களைப் பொறுத்தவரை, கிளம்புவதற்கு முந்தைய இரவே வீட்டில் புதுப்பித்துவிடுவதுதான் நல்லது.

சரி, இதெல்லாம் பையனோடு போய்விட்டது. பெரிய கூத்து அம்மாவின் போனில்.

என் பழைய போன் ஒன்றில் சிம் எடுத்துவிட்டு, என் பாட்டுச் செயலியின் கணக்கைப் போட்டு, அம்மாவுக்குப் பிடித்த 400 பழைய பாட்டுகளை உயர்ந்த தரத்தில் இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். மொத்தம் 4 ஜிபி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் அதை வைத்துக்கொண்டு படுத்தால் அம்மாவுக்கு வேறெதுவும் வேண்டாம். ஜூலை 29 மதியம் கூப்பிட்டார். "தம்பி, பாட்டெல்லாம் சாம்பல் பூத்துக் கெடக்குதுப்பா. தொட்டா ஒண்ணும் பாட மாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தேன். பட்டியலில் 400 தலைப்பும் இருந்தன, எல்லாம் மங்கிய சாம்பல் நிறத்தில். அழிந்துவிட்டதோ என்று அமைப்புகளுக்குள் போய்ச் சேமிப்பைப் பார்த்தேன். செயலி இன்னும் அதே 4 ஜிபியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அதாவது பாட்டு எங்கும் போகவில்லை, சாவிதான் செல்லாமல் போயிருக்கிறது. இறக்கிய கோப்பு பூட்டிய பெட்டி மாதிரி. திறக்கிற உரிமம் தனியாக வருகிறது, அதற்குத் தேதி உண்டு. நாம் சந்தா கட்டுகிறோமா என்று செயலி அவ்வப்போது தன் சர்வரைக் கேட்டு அந்தத் தேதியைத் தள்ளிப்போடும். பாட்டுச் செயலிகளில் பொதுவாக 30 நாள். அந்தப் போன் கடைசியாக இணையம் பார்த்தது ஜூன் 29, எங்கள் வீட்டு வைஃபையில்.

கவனியுங்கள், கணக்கு இறக்கிய நாளிலிருந்து அல்ல, கடைசியாகச் சரிபார்த்த நாளிலிருந்து. என் சொந்தப் போனில் பிப்ரவரியில் இறக்கிய பாட்டுகள் அன்றைக்கும் ஜோராக ஓடின. அதில் தினமும் டேட்டா இருந்தது, அவ்வளவுதான்.

அத்தை பையன் ஒரு யோசனை சொன்னான்: "தேதியை ஜூனுக்கு மாத்திடுங்க மாமா." மாற்றினோம். பாடவில்லை. கடிகாரம் பின்னால் போனால் இந்த மாதிரிச் செயலிகள் பொதுவாகக் கண்டுபிடித்துவிடும். அதோடு நிற்கவில்லை. தேதி தப்பாக இருந்ததால் ஹாட்ஸ்பாட் போட்டும் செயலி சர்வரோடு பேச மறுத்தது, பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதிக்குப் பொருந்தாதே. தேதியைத் தானியங்கிக்குத் திருப்பிய பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, மைத்துனருடைய அன்றைய 1.5 ஜிபி காலி. மிச்சம் கிடைப்பது 64 கேபிபிஎஸ் வேகம்.

அடுத்த யோசனை, செயலியை நீக்கிவிட்டு மறுபடி போடுவது. நல்லவேளை, செய்யவில்லை. நீக்கினால் கோப்புகளும் போய்விடும். கணக்கிலிருந்து வெளியேறினாலும் பல செயலிகளில் அதே கதிதான். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்றால், 4 ஜிபியைத் திரும்ப இறக்க மைத்துனர் மூன்று நாள் தன் டேட்டா முழுவதையும் தியாகம் செய்ய வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கவோ ஒரு சின்னப் புகைப்படத்தின் அளவு டேட்டாகூடத் தேவையில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் அவசரப்பட்டு நீக்கிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புது டேட்டா வந்திருந்தது. ஹாட்ஸ்பாட் போட்டுச் செயலியைத் திறந்து, ஒரு பாட்டை ஓடவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகச் சாம்பல் விலகி எழுத்து வெளுத்தது. எதையும் திரும்ப இறக்கவில்லை. உடனே விமானப் பயன்முறையில் போட்டு, முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்று பாட்டைப் பாடவிட்டுப் பார்த்தேன். மூன்றும் பாடின. இந்தச் சோதனையைக் கனடாவில் கிளம்பும் முன்பே டேப்லெட்டுக்கும் செய்திருக்கலாம். ஆனால் செய்தாலும் பையனின் கடி 48 மணி நேரத்தைத் தொடங்கத்தான் செய்திருக்கும்.

எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு. 30 நாள் வைக்கட்டும், புரிகிறது. சந்தாவை நிறுத்திவிட்டு வாழ்நாள் முழுக்கக் கேட்பவர்களும் இருப்பார்கள். ஆனால் 27ஆம் நாளே 'இன்னும் மூன்று நாள், ஒருமுறை இணையுங்கள்' என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி காட்டியிருக்கலாமே. அந்தப் போனில் நான் அப்படி எதையும் பார்க்கவில்லை. அம்மாவும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

போனை அம்மாவிடமே விட்டு வந்தேன். சிம் போட்டால் அழைப்புகள் வரும், தொல்லை என்கிறார். அதனால் அத்தை பையனிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறேன்: ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹாட்ஸ்பாட் போட்டு, செயலியைத் திறந்து, ஒரு பாட்டு முழுதாக ஓடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை போதும்தான், ஆனால் மாதம் ஒருமுறை என்றால் மறந்துபோவான். நேற்று பேசும்போது அம்மா சொன்னார், "அவன் வந்தான், பாட்டுக்கு உசிரு குடுத்துட்டு ரெண்டு பணியாரம் தின்னுட்டுப் போனான்."