இடநெருக்கடியில் எந்தக் காயை மாற்றினால் மூச்சு வரும்? கருப்பில் பல வருஷம் ஆடிப் பார்த்ததில்

செஸ்ஸில் குயின்ஸ் கேம்பிட் டிக்லைன்ட் என்ற ஓபனிங்கின் பழைய ஆர்த்தடாக்ஸ் வழியைத்தான் கருப்புக் காய்களில் நீண்ட காலமாக ஆடிக்கொண்டிருக்கிறேன். இதில் கருப்புக்கு இடம் குறைவு. c8-ல் இருக்கும் பிஷப்புக்கு முன்னால் e6 சிப்பாய், d7-ல் தன் குதிரையே வழிமறித்து நிற்கும். "இடம் குறைவாக இருந்தால் காய்களை வெட்டி மாற்று" என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். அது சரிதான், ஆனால் எந்தக் காயை, எந்த வரிசையில் என்பதைச் சொல்வதில்லை. இந்த ஓபனிங் எனக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்தது, அதனால் ஒரே ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு விவரமாக எழுதுகிறேன்.

நகர்த்தல்கள் இவை:

```
1.d4 d5 2.c4 e6 3.Nc3 Nf6 4.Bg5 Be7
5.e3 O-O 6.Nf3 Nbd7 7.Rc1 c6 8.Bd3 dxc4
9.Bxc4 Nd5 10.Bxe7 Qxe7 11.O-O Nxc3 12.Rxc3 e5
```

கபபிளாங்காவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வழி இது. 1927-ல் புவனஸ் அயர்ஸில் அவரும் அலெகைனும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 34 ஆட்டங்களில் 32 இந்த குயின்ஸ் கேம்பிட் டிக்லைன்ட் குடும்பம்தான் என்றால், அந்தக் காலத்தில் இதை எவ்வளவு நம்பினார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் 8...dxc4. வெள்ளையின் பிஷப் d3-க்கு வரும்வரை காத்திருந்து எடுக்கிறோம், அதனால் அந்த பிஷப் இரண்டாவது முறை நகர வேண்டியிருக்கிறது. முன்கூட்டியே எடுத்தால் அது f1-லிருந்து நேராக c4-க்கு வந்து உட்கார்ந்துவிடும். நெருக்கடியில் இருப்பவருக்கு இந்த ஒரு நகர்த்தல் பெரிய விஷயம்.

அப்புறம் 9...Nd5. இந்த ஒரு குதிரை நகர்ந்ததும் இரண்டு மாற்றங்களுக்கு வழி திறக்கிறது. பிஷப்புகள் மாறும்போது e7 கட்டம் காலியாகி, அங்கே ராணி வந்து உட்காருகிறது. என் அனுபவத்தில் பலரும் கவனிக்காமல் போவது இந்த இடம். பலகையில் காய் குறைந்ததனால் மட்டும் நிம்மதி வந்துவிடவில்லை. மாற்றம் முடிந்தபோது நம்முடைய ராணி e5 என்ற நகர்த்தலுக்குப் பின்பலமாக வந்து நிற்கிறது, அதுதான் நிம்மதி. ஒரு மாற்றம் உதவுமா என்று சந்தேகம் வந்தால் நான் இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: மாற்றியபிறகு என் சிப்பாயைத் தள்ளும் வேலை சுலபமாகிறதா, இல்லையா?

அடுத்து 11...Nxc3. இதைத் தவிர்த்துவிட்டு நேராக 11...e5 ஆடலாமே என்று தோன்றும். ஆடினால் 12.Nxd5 வந்து e7-ல் இருக்கும் ராணியைத் தாக்கும், வேறு வழியில்லாமல் 12...cxd5 எடுக்க வேண்டும், 13.Bxd5 என்று ஒரு சிப்பாய் போய்விடும். எனவே வரிசை மாறக்கூடாது. குதிரைகள் மாறியபிறகு d5-ல் வெள்ளை வெட்டுவதற்கு எதுவும் இல்லை, அப்போதுதான் e5 பாதுகாப்பாகப் போகிறது.

12...e5 ஆடியதும் நிலைமை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். வெள்ளை 13.dxe5 Nxe5 14.Nxe5 Qxe5 என்று போனால் d7-ல் வழிமறித்த குதிரையும் போய்விட்டது, e6 சிப்பாயும் போய்விட்டது, c8 பிஷப்புக்கு முழு மூலைக்கோடும் திறந்திருக்கிறது. இதற்கு மேலும் வெள்ளை விடாமல் 15.f4 என்று தள்ளும், ராஜா பக்கம் தாக்க. நான் ஆடுவது 15...Qe4, c4 பிஷப்பையும் e3 சிப்பாயையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. 16.Qe2 Bf5 17.Bd3 Qd5 18.e4 என்று வந்தால் ராணியும் பிஷப்பும் ஒரே சிப்பாயில் மாட்டிக்கொண்டது போலத் தெரியும், ஆனால் 18...Qd4+ 19.Kh1 Rfe8 ஆடிவிட்டால் அந்தச் சிப்பாயால் f5-ஐச் சும்மா எடுக்க முடியாது, எடுத்தால் e2-ல் ராணி போகும், அதற்கு யானையும் பிஷப்பும்தான் கிடைக்கும். தொடக்கத்தில் அடைபட்டுக் கிடந்த பிஷப்தான் இங்கே ஆட்டத்தைத் தாங்குகிறது.

இனி எதிராளி ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகிறது என்பது. நன்றாகத் தெரிந்தவர்கள் 11.O-O ஆடாமல் 11.Ne4 ஆடுவார்கள், அலெகைன் ஆடியது. இடம் அதிகமுள்ளவர் மாற்றத்தைத் தவிர்ப்பதுதான் நியாயமான வழி. 11...N5f6 12.Ng3 வந்தபிறகு கபபிளாங்கா 12...Qb4+ 13.Qd2 Qxd2+ 14.Kxd2 என்று ராணிகளை மாற்றினார். இதையும் நான் நிறைய ஆடிப் பார்த்திருக்கிறேன். ராஜாவுக்கு ஆபத்து போய்விடும், உண்மை. ஆனால் c8 பிஷப் அப்படியே அடைபட்டிருக்கும், e5-க்குத் துணை நின்ற ராணி பலகையில் இல்லை, வெள்ளை ராஜா நடுவில் வந்து நன்றாக நிற்கிறது. கருப்பு தோற்பதில்லை, ஆனால் வெகுநேரம் கஷ்டப்பட வேண்டியிருக்கிறது. பலகையிலேயே பெரிய காயை மாற்றியும் நெருக்கடி தீரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால் இப்போதெல்லாம் 12...e5 தான் ஆடுகிறேன், 13.O-O exd4 14.Nf5 Qd8 என்று கொஞ்சம் பின்வாங்கினாலும் பிஷப்புக்கு வழி கிடைத்துவிடுகிறது.

இன்னொரு தவிர்ப்பு 10.Bf4. பிஷப்பை எடுத்துக்கொள் என்று கொடுக்கிறார்கள்: 10...Nxf4 11.exf4. குதிரைக்கு பிஷப் கிடைத்தது லாபம் போலத் தெரியும், ஆனால் f4 சிப்பாய் e5 கட்டத்தைப் பூட்டிவிட்டது, நாம் இவ்வளவு நேரம் காத்திருந்த நகர்த்தலே இனி இல்லை. இங்கே e5 கனவை விட்டுவிட்டு Nb6, அடுத்து Nd5 என்று குதிரையைக் கொண்டுவந்து f4-ஐ நெருக்க வேண்டும், பின்னால் c5-க்குத் தயார் செய்ய வேண்டும்.

இதே கேள்வியை ஃபிரெஞ்ச் டிஃபென்ஸில் கேட்டால் பதில் வேறாக வரும். வெள்ளைச் சிப்பாய் e5-ல் இருக்கும் நிலைகளில் கருப்பின் சிப்பாய்கள் e6, d5 என்று வெளிர் கட்டங்களில் நிற்கின்றன. கறுத்த கட்டத்து பிஷப்பை மாற்றினால் இடம் கொஞ்சம் கிடைத்தாலும், மிஞ்சுவது தன் சிப்பாய்களுக்குப் பின்னால் முடங்கிய பிஷப்தான், அதோடு கறுத்த கட்டங்களும் காவலின்றிப் போகும். அங்கே b6, Ba6 என்று போய் அந்த முடங்கிய பிஷப்பை மாற்றுவதுதான் நிம்மதி. இரண்டு நகர்த்தல் செலவானாலும் செலவு செய்யலாம். வெள்ளை f1 பிஷப் a6-லேயே எடுத்தால் குதிரை அங்கே ஓரத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும், அது இரண்டு மூன்று நகர்த்தலில் b8, c6 வழியாகவோ c7 வழியாகவோ திரும்பி வந்துவிடும்.

ஆர்த்தடாக்ஸ் வழியில் எனக்கு இருக்கும் ஒரே குறை, எல்லாம் சரியாக நடந்தால் ஆட்டம் பெரும்பாலும் சமமாகத்தான் முடியும். கட்டாயம் ஜெயித்தே ஆக வேண்டிய சுற்றில் இதை ஆடமாட்டேன், அரைப் புள்ளி போதும் என்ற சுற்றில் வேறு எதையும் யோசிப்பதில்லை.