ஐடிலிலிருந்து ஓட்டத்துக்கு: இரண்டு ஸ்டேட்டா, ஒரே பிளெண்ட் ட்ரீயா?

யூனிட்டியில் ஒரு மூன்றாம் நபர் பார்வை விளையாட்டுக்குக் கதாபாத்திரத்தை ஓட வைக்கும்போது இந்தக் கேள்வி வந்தது. ஐடில், ரன் என்று இரண்டு ஸ்டேட் வைத்து நடுவில் டிரான்சிஷன் போடலாம். அல்லது இரண்டு கிளிப்பையும் ஒரே பிளெண்ட் ட்ரீக்குள் போட்டு, `Speed` என்ற ஒரு எண்ணால் கலக்கலாம். நான் முதலில் சொன்னதில் தொடங்கி இரண்டாவதுக்கு மாறினேன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

இரண்டு ஸ்டேட் முறையில் எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் போடும் டிரான்சிஷனில் `Has Exit Time` இயங்கியபடியே வரும். அதை எடுக்காவிட்டால், ஐடில் கிளிப் குறிப்பிட்ட இடத்துக்கு வரும்வரை கதாபாத்திரம் நின்றபடியே வழுக்கிக்கொண்டு போகும். `Fixed Duration` இயங்கட்டும். அதை எடுத்துவிட்டால் கால அளவு வினாடியாக இல்லாமல் கிளிப் நீளத்தின் பங்காகிவிடும்: 4 வினாடி ஐடிலில் 0.25 என்றால் முழுசாக 1 வினாடி. ஓடத் தொடங்க 0.15 வினாடி, நிற்க 0.2 வினாடி எனக்குச் சரியாக இருந்தது. நிபந்தனைக்கு ஒரே எல்லையை வைக்காமல், `Speed` 0.2-ஐத் தாண்டினால் ரன், 0.1-க்குக் கீழே போனால் ஐடில் என்று இடைவெளி விட்டால் இரண்டுக்கும் நடுவே ஊசலாடாது.

இவ்வளவு செய்தால் ஒருமுறை ஓடி ஒருமுறை நிற்பது அழகாகவே இருக்கும். இன்னொரு நல்லதும் உண்டு: `Transition Offset` மூலம் ஓட்டம் எந்தக் காலில் தொடங்க வேண்டும் என்று நாமே முடிவு செய்யலாம். பிளெண்ட் ட்ரீயில் அந்த வசதி இல்லை.

சிக்கல் வருவது, ஆடுபவர் ஸ்டிக்கைத் தட்டித் தட்டி விடும்போது. `Interruption Source` இயல்பாக `None`-இல் இருக்கும். அப்படியானால் தொடங்கிய டிரான்சிஷன் முடிந்த பிறகுதான் திரும்ப முடியும். விரலை எடுத்த பின்னும் கால் தூக்கி முடித்துவிட்டுத்தான் கீழே வைக்கும். சரி, `Next State` என்று மாற்றலாம். இப்போது ஐடிலிலிருந்து ரன்னுக்குப் போகும் பாதி வழியிலேயே, ரன்னிலிருந்து ஐடிலுக்குப் போகும் டிரான்சிஷன் குறுக்கே வந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் அப்படிக் குறுக்கிடும் கணத்தில் இருந்த உடல் நிலையை யூனிட்டி உறைய வைத்து, அந்த அசையாத நிலையிலிருந்துதான் புதிய ஸ்டேட்டுக்குக் கலக்கும். நிற்கப் போகும்போது இது உறுத்தாது. நிற்கத் தொடங்கி மறுபடி ஓடும்போதுதான் வம்பு. இடது கால் முன்னால் இருக்கையில் உறைகிறது, ரன் கிளிப்போ ஆஃப்செட்டில் வைத்த வலது காலிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. 0.15 வினாடிக்குள் கால்கள் ஒன்றையொன்று கடந்து இடம் மாற வேண்டும். கண்ணுக்கு வெட்டாகத் தெரிவது இதுதான். கால அளவைக் கூட்டினால் வெட்டு குறையும், ஆனால் அத்தனை நேரம் கால் வழுக்கும்.

ஆக, ஓட்டத்தில் கால் எந்தக் கட்டத்தில் இருந்தது என்ற நினைவு டிரான்சிஷனுக்கு இல்லை. பிளெண்ட் ட்ரீக்கு இருக்கிறது. அங்கே ஸ்டேட் ஒன்றுதான், அதன் நேரம் நிற்காமல் ஓடுகிறது. மாறுவது இரண்டு கிளிப்புகளின் பங்கு மட்டும். `Speed` 1-லிருந்து 0.4-க்கு இறங்கி மறுபடி ஏறினால், கால்கள் அதே சுழற்சியைத் தொடர்கின்றன. குறுக்கிட அங்கே எதுவும் இல்லை. நான் மாறியதற்குக் காரணம் இது ஒன்றுதான்.

ஆனால் அப்படியே இரண்டு கிளிப்பையும் தூக்கிப் போட்டால் முதல் நாளே ஏமாற்றம்தான். பிளெண்ட் ட்ரீ எல்லாக் கிளிப்புகளையும் ஒரே சுழற்சியில் கட்டி ஓட்டுகிறது. ஒன்று பாதியில் இருந்தால் மற்றதும் பாதியில். அதற்காகச் சுழற்சியின் நீளத்தைப் பங்குகளின்படி சராசரி எடுக்கிறது. என் ஐடில் 4 வினாடி, ரன் 0.7 வினாடி. பாதிக்குப் பாதி கலக்கும்போது ஒரு சுழற்சிக்கு 2.35 வினாடி. கதாபாத்திரம் தண்ணீருக்குள் ஓடுவதுபோல் இருந்தது. ரன் 90 சதவீதம், ஐடில் 10 சதவீதம் ஆன பிறகும் 1.03 வினாடி, அதாவது கால்கள் இருக்க வேண்டிய வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். `Time Scale`-ஐ 0.2 ஆக்கிப் பாருங்கள்: தரையில் ஊன்றிய கால் முன்னோக்கி நழுவினால் இதுதான் நோய்.

தீர்வு ஐடிலைக் குட்டையாக்குவது. மூச்சு விடும் கிளிப்பை 0.7 வினாடிக்கு நசுக்கினால் நாய் இரைப்பதுபோல் ஆகிவிடும். அதனால் நான் ஐடிலை இரண்டாகப் பிரித்தேன். பிளெண்ட் ட்ரீக்குள் போவது அசையாமல் நிற்கும் நிலை மட்டும், அதை ரன்னின் நீளத்துக்கே நீட்டிய கிளிப். ஒரே ஃபிரேம் கிளிப்பாக விட்டுவிடாதீர்கள், அப்போது சராசரி எதிர்ப்பக்கம் இழுக்கும். மூச்சு, தோள் அசைவு எல்லாம் மேலே `Additive` லேயரில் தன் 4 வினாடியிலேயே ஓடுகிறது. ஓட்டம் கூடக்கூட அந்த லேயரின் வெயிட்டைக் குறைக்கிறேன்.

இன்னொன்று, நடுவில் நடைக் கிளிப் வேண்டும். ஐடிலும் ரன்னும் நேரடியாகக் கலந்தால் கிடைப்பது நடை அல்ல, குறுகிய அடியில் வேகவேகமான தத்தல். 0-ல் ஐடில், 0.4-ல் நடை, 1-ல் ரன் என்று வைத்தேன். நடையிலும் ரன்னிலும் இடது கால் தரையைத் தொடுவது சுழற்சியின் ஒரே புள்ளியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இறக்குமதி அமைப்பில் `Cycle Offset`-ஐ நகர்த்திச் சரிசெய்யலாம்.

மதிப்பை அனுப்புவது இப்படி:

```csharp
Vector3 v = controller.velocity;
v.y = 0f;
anim.SetFloat("Speed", v.magnitude / maxSpeed, 0.1f, Time.deltaTime);
```

மூன்றாவதாக வரும் 0.1 தான் மெதுவாக்கும் நேரம். உடலின் வேகமே படிப்படியாக ஏறுகிறது என்றால் இதை இன்னும் குறையுங்கள். இரண்டு இடத்திலும் மெதுவாக்கினால் உடல் போன பிறகு கால் கிளம்பும். நின்ற பிறகும் `Speed` சரியாக 0-ஐத் தொடாமல் மிகச் சிறிய எண்ணாகத் தங்கும். வேறு எங்காவது 0-க்குச் சமமா என்று சோதித்தால் அது மாட்டிவிடும்.

பிளெண்ட் ட்ரீயில் நான் இன்னும் சமாதானமாகாதது முதல் அடி. சுழற்சி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து கால் கிளம்புவதால், சிலமுறை அழகாகவும் சிலமுறை அசட்டையாகவும் தெரிகிறது. கேமரா கதாபாத்திரத்தின் காலுக்கு மிக அருகில் இருக்கும் விளையாட்டென்றால், தனியாக ஒரு தொடக்க அடி ஸ்டேட் வைத்து அதிலிருந்து பிளெண்ட் ட்ரீக்குள் நுழைவது மேல் என்று நினைக்கிறேன். நான் அதைச் செய்து முடித்ததில்லை. ரூட் மோஷனிலும் எனக்குப் பழக்கம் குறைவு. மேலே சொன்னதெல்லாம் உடலை ஸ்கிரிப்ட் நகர்த்தும்போது பார்த்தவை.

ஸ்பிரைட் அனிமேஷனாக இருந்தால் இந்த விவாதமே வேண்டாம். படத்துக்குப் படம் மாறும் ஃபிரேம்களைக் கலக்க முடியாது. இரண்டு ஸ்டேட், கால அளவு 0, `Has Exit Time` இல்லை. அங்கே அதுதான் சரி.