பத்தாவது சீட்டின் மேல் ஐந்து சீட்டு: 1,500 ரூபாய்க்கு நான் வாங்கிய ஆறுதல்

படச் சீட்டு விரித்துக் குறி சொல்லும் டாரட் ரீடிங் போகிறவர்கள் கவனத்துக்கு. "எக்ஸ்ட்ரா கார்டு எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்" என்று சொல்லும் ரீடரிடம் உட்காருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டாரட்டை நம்பலாமா கூடாதா என்பது வேறு சண்டை, அதற்கு நான் வரவில்லை. நம்பிப் போன இடத்திலேயே எப்படி ஏமாந்தேன் என்பதுதான் விஷயம். பாதித் தப்பு என்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம், பத்து வருடமாகப் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஒரு நண்பனோடு கூட்டாகக் கடை போடலாமா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, சென்னையில் ஒரு ரீடரைப் பார்க்கப் போனேன். பத்துச் சீட்டு விரிக்கும் செல்டிக் கிராஸுக்கு 2,000 ரூபாய். விழுந்த சீட்டு புரியாவிட்டால் அதை விளக்க மேலே எடுக்கும் கிளாரிஃபையர் கார்டு, ஒன்றுக்கு 300.

செல்டிக் கிராஸில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேலை உண்டு. முதல் இடம் இப்போதைய நிலை, இரண்டாவது குறுக்கே நிற்பது, இப்படியே போய்ப் பத்தாவதில் முடிவு. இதில் எல்லோரையும் குழப்புவது ஒன்பதாவது இடம். அதன் பெயரே 'ஆசையும் பயமும்'. ஒரே இடத்தில் இரண்டும் என்றால், விழுந்த சீட்டு எதைச் சொல்கிறது?

எனக்கு அங்கே விழுந்தது எய்ட் ஆஃப் கப்ஸ். அடுக்கி வைத்த எட்டுக் கோப்பைகளை விட்டுவிட்டு, சிவப்பு அங்கி போட்ட ஒருவன் கோலூன்றி மலைப்பக்கம் நடந்து போவான், மேலே நிலா பார்த்துக்கொண்டிருக்கும். விட்டுப் போவதுதான் என் ஆசையா, இல்லை விட்டுப் போக வேண்டி வருமோ என்பது பயமா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். இது நிஜமான குழப்பம். ரீடர் இங்கே கிளாரிஃபையர் எடுத்தது சரிதான். "ஒன்பதாவது இடத்தில் இருப்பது ஆசையா பயமா, அதற்கு மட்டும் ஒரு கார்டு" என்று கேள்வியைச் சொல்லிவிட்டு எடுத்தார். வந்தது ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ். தலையில் ஒரு காசு, கையில் இறுக்கிப் பிடித்த ஒரு காசு, காலடியில் இரண்டு என்று உட்கார்ந்திருப்பவன். அதை எய்ட் ஆஃப் கப்ஸுக்குப் பக்கத்தில் வைத்தவுடன் எனக்கே புரிந்துவிட்டது. போக ஆசை, மாதச் சம்பளத்தை விடப் பயம். புதுச் சீட்டு பழையதைத் தள்ளிவிட்டு உட்காரவில்லை. அதை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டியது. அந்த 300 ரூபாய் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

அடுத்தது பத்தாவது சீட்டு. செவன் ஆஃப் ஸ்வோர்ட்ஸ். கூடாரங்களிலிருந்து ஐந்து வாளை அள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்த்தபடி நுனிக்காலில் நழுவுகிற ஒருவன். இரண்டு வாள் பின்னால் நட்டபடியே நிற்கும். ரீடர் சொன்னார்: "பார்ட்னர்ஷிப்ல ஏதோ மறைவா இருக்கு சார். பேப்பர் எல்லாம் நல்லா பாருங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு சீட்டை எப்படிச் சொல்வது? எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் பார்த்துவிட்டார். "கவலையா இருக்கா சார்? கிளாரிஃபை பண்ணிப் பார்த்துடலாமா?" என்றார். நானும் "பாருங்க மேடம்" என்றேன்.

இங்கேதான் பிசகியது. ஒன்பதாவதுக்குச் சீட்டு எடுத்தபோது கேள்வி ஒன்று இருந்தது, பத்தாவதுக்குக் கேள்வியே இல்லை. பிடிக்கவில்லை என்பதுதான் காரணம். முதலில் ஃபைவ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் வந்தது. வாள்களைப் பொறுக்கிக்கொண்டு சிரிப்பவன் ஒருவன், முதுகு காட்டிப் போகிற இருவர். முன்பு சொன்னதையே இன்னும் உரக்கச் சொன்ன சீட்டு அது. அதற்கு விளக்கம் என்று இன்னொன்று, தி மூன் வந்தது. நிலா வந்தால் குழப்பம் என்று அதற்கும் ஒன்று, பேஜ் ஆஃப் கப்ஸ். "இது யாரோ சின்ன வயசுக்காரர், யாருன்னு பார்ப்போம்" என்று அடுத்தது, ஹேங்டு மேன். ஐந்தாவதாகத் தி சன். வெள்ளைக் குதிரைமேல் குழந்தை, பின்னால் சூரியகாந்திப் பூக்கள். "பாருங்க சார், கடைசியில எல்லாம் வெளிச்சம்தான்!" என்று சொல்லி விரிப்பை மடக்கினார். மொத்தம் 3,800 ரூபாய்.

வீட்டுக்கு வந்து ஆற அமர யோசித்தபோதுதான் கணக்கு உறைத்தது. கட்டில் 78 சீட்டு. அதில் பார்த்தவுடன் மனம் குளிர்கிறவை முப்பது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து சீட்டு எடுத்தால், அவற்றில் ஒன்றாவது நல்ல சீட்டாக இருப்பது பத்துக்கு ஒன்பது முறை நடக்கும். நல்லது வரும்வரை எடுப்பது, வந்தவுடன் நிறுத்துவது என்றால் எந்தக் கேள்விக்கும் சூரியன் உதிக்கத்தான் செய்யும். கிளி ஜோசியத்தில் கிளிகூட ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்து நெல்லைக் கொத்திக்கொண்டு கூண்டுக்குள் போய்விடுகிறது.

இத்தனைக்கும் பத்தாவது சீட்டு புரியாமல் போனால் என்ன செய்வது என்பதற்குப் பழைய முறை இருக்கிறது. இன்று பெரும்பாலோர் கையில் இருக்கும், 1909இல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த அந்தக் கட்டின் பின்னணியில் இருந்த ஆர்தர் வெயிட்டே எழுதிவைத்திருக்கிறார். கடைசிச் சீட்டிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை என்றால், அந்தச் சீட்டையே கேட்பவருக்கான சீட்டாக நடுவில் வைத்து, மறுபடி கலைத்து, பத்தும் புதிதாக விரிக்க வேண்டும். அதுவும் முடிவு தெரியாதபோதுதான். முடிவு கசந்தால் அல்ல.

இதற்கு இப்போது நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். அந்தச் சீட்டு அந்த இடத்தில் என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் சொல்லிப் பார்ப்பேன். சொல்ல வந்துவிட்டால் அது புரியாத சீட்டு இல்லை, எனக்குப் பிடிக்காத சீட்டு. கிளாரிஃபையருக்கு அங்கே வேலை இல்லை. சொல்ல வரவில்லையென்றால், எது புரியவில்லை என்பதை வாய்விட்டுச் சொன்ன பிறகு ஒன்று எடுக்கலாம். அந்த ஒன்றும் புரியாவிட்டால் அதற்கு மேல் ஒன்று எடுப்பதில்லை. விளக்கத்துக்கு விளக்கம் கேட்கத் தொடங்கினால் முதலில் கேட்ட கேள்வி எங்கோ போய்விடுகிறது. என் விஷயத்தில் ஹேங்டு மேன் வந்தபோது நாங்கள் பேசிக்கொண்டிருந்தது பேஜ் ஆஃப் கப்ஸ் யார் என்பதை. என் கடையைப் பற்றி இல்லை.

சூரியனை நம்பி நான் எந்தப் பேப்பரையும் பார்க்கவில்லை. அட்வான்ஸில் என் பங்காக 60,000 ரூபாய் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் கடை வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிப் படித்தேன். அதில் நண்பன் பெயர் மட்டும்தான் இருந்தது. சீட்டு பலித்தது என்று சொல்ல வரவில்லை. கூட்டுத் தொழில் தொடங்குகிற எவனிடமும் "பேப்பரைப் பாரு" என்று சொன்னால் அது நல்ல யோசனைதான். அந்த யோசனையைக் காசு கொடுத்துக் கேட்டு, அதை மறக்கடிக்க இன்னும் 1,500 கொடுத்திருக்கிறேன்.

ரீடருக்கு எழுதிக் கேட்டேன். பதில் ஒரே வரியில் வந்தது. "நீங்கதானே சார் பாருங்கன்னு சொன்னீங்க." மறுக்க முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் 300 வாங்குகிறவர் "போதும் சார், இது தெளிவாத்தான் இருக்கு" என்று எப்படிச் சொல்வார்? நீங்கள் போகிற இடத்தில் கட்டணம் மொத்தமாகவா, சீட்டுக் கணக்கிலா என்று முதலில் கேளுங்கள். சீட்டுக் கணக்கு என்றால் அதிகபட்சம் எத்தனை என்று விரிப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

அன்று அவர் மடக்கும் முன் விரிப்பைப் படம் எடுத்து வைத்திருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் பத்தாவது இடத்தில் ஐந்து சீட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, மேலே சூரியன். அடியில் இருக்கும் செவன் ஆஃப் ஸ்வோர்ட்ஸில், பின்னால் நட்டு நிற்கும் அந்த இரண்டு வாள் மட்டும் ஓரத்தில் தெரிகிறது.