பக்கத்துப் படத்தோடு மட்டும் ஒப்பிட்டுக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்

ஏஐ படங்கள் போட்டுத் தருகிறவரிடம் வேலை கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். நான் முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்து ஏமாந்துவிட்டேன்.

சிறுவர் கதை ஒன்றுக்கு 12 படங்கள் வேண்டியிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே சிறுமி, வயது ஆறு, மஞ்சள் மழைக்கோட்டு, வலது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். காட்சிக்கு நான்கு படம் எடுத்து, அதில் நன்றாக ஒத்துப்போகிற தொகுப்பைத் தேர்ந்தெடுத்துத் தருவதாகச் சொன்னார். கூடவே ஒரு அட்டவணை அனுப்பினார், அடுத்தடுத்த படங்களுக்கு இடையிலான ஒற்றுமை மதிப்பெண் எல்லாமே 0.9க்கு மேல். நானும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு சரி என்றுவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் முதல் படத்தையும் பன்னிரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. கடைசியில் இருப்பவளுக்குப் பத்து வயது இருக்கும், முகம் நீண்டுவிட்டது, ஏழாவது படத்திலிருந்து மச்சம் இடது பக்கம் போயிருக்கிறது!

கேட்டால், "எல்லாத்துக்கும் ஒரே சீடுதாங்க போட்டேன்" என்றார். சீடு என்பது ஒரு எண், படம் எந்தத் தாறுமாறான புள்ளிக் கூட்டத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும்தான் அது தீர்மானிக்கும், காட்சி வர்ணனையை மாற்றினால் அதே சீடிலும் முகம் மாறும். அதைவிடப் பெரிய தவறு, ஒவ்வொரு படத்துக்கும் அதற்கு முந்தைய படத்தையே மாதிரியாகக் கொடுத்திருக்கிறார். இரண்டாவதில் வந்த சின்ன மாற்றம் மூன்றாவதற்கு மாதிரியாகிவிடுகிறது, அங்கே இன்னும் கொஞ்சம் சேர்கிறது, அப்படியே போகப் போக வேறு பிள்ளையாகிவிடுகிறாள். பக்கத்துப் படத்தோடு மட்டும் ஒப்பிட்டால் இது கண்ணில் படவே படாது. அந்த மதிப்பெண்ணும் முழுப் படத்துக்குப் போட்டது, ஒரே மஞ்சள் கோட்டு இருந்தால் முகம் வேறாக இருந்தாலும் எண் ஏறிவிடும்.

சண்டை போட்டு, ஒதுக்கிய படங்களையும் சேர்த்து 48ஐயும் வாங்கினேன். முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கோட்டின் நிறம் ஏமாற்றாமலிருக்க கறுப்பு வெள்ளையாக்கி, ஒவ்வொன்றையும் முதல் படத்தோடு மட்டும் வைத்துப் பார்த்தேன். மச்சம் இடம் மாறியவை உடனே வெளியே. ஒரு காட்சியில் மிக அழகான படம் ஒன்று இருந்தது, ஆனால் தாடை வேறு மாதிரி, மனசில்லாமல் அதையும் தள்ளினேன். சராசரி பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், பதினொன்று பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டாலும் சராசரி நன்றாகத்தான் தெரியும், ஆனால் புத்தகத்தைப் புரட்டுகிற குழந்தை அந்த ஒரு பக்கத்தில்தான் "இது யாரு?" என்று கேட்கும். தொகுப்பில் மிக மோசமான படம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள்.

9 காட்சிகளுக்குப் படம் தேறியது. மீதி மூன்றில் அவள் பக்கவாட்டிலோ முதுகு காட்டியோ நிற்கிறாள், முன்பக்க முகம் மட்டும் உள்ள மாதிரியை வைத்து அதைச் சரியாக வரவழைப்பது கஷ்டம். முன், பக்கம், பின் மூன்றும் உள்ள மாதிரித் தாளை முதலில் போட்டு என் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், அதை அவர் செய்யவே இல்லை. அந்த மூன்றையும் திரும்பப் போட்டுத் தரச் சொல்லி நான்கு முறை எழுதிவிட்டேன், இன்னும் பதில் இல்லை.