"என்ன செய்தீர்கள்?", "என்ன செய்வீர்கள்?": சின்ன நிறுவன நேர்காணலுக்கு எது ஒத்துவரும்?

ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு, ஆர்டர் எடுத்து அனுப்பிவைக்க ஒரு ஆள் வேண்டும். வருகிற எல்லோரிடமும் அதே ஆறு கேள்விகளை அதே வரிசையில் கேட்பதாக முடிவு செய்தாயிற்று. நல்ல முடிவு. ஆள்தேர்வு முறைகளை ஆராயும் உளவியலாளர் சாக்கெட்டின் குழுவினர் 2022-ல் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டபோது, 1 என்றால் முழுப் பொருத்தம் என்ற அளவில், பின்னாளில் வேலை செய்யும் விதத்தோடு இப்படிக் கட்டமைத்த நேர்காணலுக்கு இருந்த தொடர்பு 0.42, மனம்போன போக்கில் கேட்கும் நேர்காணலுக்கு 0.19தான். அடுத்து, அந்த ஆறும் எந்த வகைக் கேள்விகளாக இருக்க வேண்டும் என்று பார்க்கலாம்.

ஒரு வகை, நடந்ததைக் கேட்பது: "கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போன ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்?" இன்னொன்று, சூழலைக் கொடுத்துக் கேட்பது: "நாளைக் காலை நூறு பெட்டி தருவதாகச் சொல்லியிருக்கிறோம். மாலை ஐந்து மணிக்கு எண்பதுதான் இருக்கிறது என்று தெரிகிறது. முதலாளி போனை எடுக்கவில்லை. இன்னொருவருக்கென்று ஒதுக்கிய இருபது பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. என்ன செய்வீர்கள்?"

முதல் வகையின் பலம், விவரங்களை இட்டுக்கட்டுவது கஷ்டம் என்பது. "அப்புறம் என்ன ஆனது?", "அதில் உங்கள் பங்கு என்ன?" என்று இரண்டு துணைக்கேள்வி கேட்டாலே வெறும் பேச்சு நின்றுவிடும். இந்த இரண்டையும் தாளில் எழுதிவைத்து எல்லோரிடமும் கேட்க வேண்டும். ஒருவரை மட்டும் தோண்டினால் நேர்காணல் சமமாக இருக்காது. பலவீனம், புதிதாக வேலைக்கு வருபவரிடம் சொல்ல அனுபவம் இருக்காது. அவருக்கு விழும் குறைந்த மதிப்பெண் திறமையை அல்ல, வயதைத்தான் அளக்கும். "வேலையிலோ படிப்பிலோ வீட்டிலோ" என்று கேள்வியிலேயே சேர்த்தால் இது பாதி சரியாகும்.

இரண்டாம் வகையில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து தொடங்குகிறார்கள். பதில்களை அருகருகே வைத்துப் பார்ப்பதும் எளிது. ஆனால் சூழலில் இக்கட்டு இல்லாவிட்டால் கேள்வி செத்துவிடும். "வாடிக்கையாளர் கோபப்பட்டால்?" என்று கேட்டால் எல்லோரும் "பொறுமையாகப் பேசுவேன்" என்பார்கள். மேலே உள்ள கேள்விக்கு உயிர் கொடுப்பது அந்த ஒதுக்கிய இருபது பெட்டிதான்.

முன் அனுபவம் கேட்காத வேலைக்கு என் தேர்வு நான்கு சூழல் கேள்வி, இரண்டு அனுபவக் கேள்வி. அனுபவசாலிகள் மட்டுமே வருகிற வேலை என்றால் இதைத் திருப்பிப் போடலாம்.

இரண்டு வகைக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட அளவுகோல் வேண்டும். "சுமார், நல்லது, மிக நல்லது" என்று எழுதினால் அது அளவுகோல் ஆகாது. காதில் விழக்கூடிய பதிலையே எழுத வேண்டும். பெட்டிக் கேள்விக்கு இப்படி:

1: காலைவரை காத்திருப்பேன், அல்லது யாரிடமும் சொல்லாமல் ஒதுக்கியதை எடுத்து அனுப்பிவிடுவேன்.
3: வாடிக்கையாளரை இன்றே கூப்பிட்டு எண்பதுதான் வரும் என்று சொல்வேன்.
5: இன்றே கூப்பிடுவேன், மீதி இருபது எப்போது வரும் என்று விசாரித்துத் தேதியோடு சொல்வேன், ஒதுக்கியதைத் தொடமாட்டேன், முதலாளிக்குக் குறிப்பு அனுப்புவேன்.

நடுவில் நிற்கும் பதிலுக்கு 2 அல்லது 4. உங்கள் கடையில் இதே வேலையை நன்றாகச் செய்கிறவர் இந்த நிலையில் என்ன செய்வார் என்று கேட்டால் ஐந்துக்கான வரி கிடைத்துவிடும்.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாற இடம் உண்டு. ஒருவர் 4, 3, 4, 3, 3, 4 என்று 21 வாங்குகிறார். மற்றவர் 5, 5, 4, 1, 4, 4 என்று 23. நான்காவது கேள்வி பணக் கணக்கில் வித்தியாசம் வந்தால் என்ன செய்வார் என்பது. பணம் கையாளும் வேலையில் அந்த 1-ஐ மற்ற ஐந்துகள் ஈடுகட்டாது. "நான்காவதில் 3-க்குக் கீழ் என்றால் இல்லை" என்ற வரி முதல் ஆள் உள்ளே வருவதற்கு முன்பே தாளில் இருக்க வேண்டும். பிறகு எழுதினால் பிடித்தவருக்காக வளைந்துவிடும்.

இரண்டு பேர் நேர்காணல் எடுத்தால், பேசிக்கொள்வதற்கு முன் தனித்தனியே மதிப்பெண் போடுங்கள். இரண்டு புள்ளிக்கு மேல் விலகினால் ஒருவர் ஏதோ கேட்கத் தவறியிருப்பார், அல்லது அளவுகோல் வரி தெளிவாக இல்லை. தனியாக எடுக்கிறவர், வந்தவர்கள் சொன்ன வார்த்தைகளைக் குறித்துக்கொண்டு, எல்லோரும் போன பிறகு ஒவ்வொரு கேள்வியாக மதிப்பெண் போடலாம்: முதல் கேள்விக்கு எல்லோருடைய பதிலும், பிறகு இரண்டாவதுக்கு. ஒருவரின் முதல் நல்ல பதில் அவருடைய மற்ற பதில்கள் மீது வெளிச்சம் போடுவது இதனால் குறையும்.

ஒரு கேள்விக்கு எல்லோரும் 4 வாங்கினால் அது யாரையும் பிரித்துக் காட்டவில்லை. அதை மாற்றுங்கள், ஆனால் அடுத்த முறை ஆள் எடுக்கும்போது. பாதியில் மாற்றினால் முன்னால் வந்தவர்களோடு ஒப்பிட முடியாது.