மின்னஞ்சல் தலைப்பு: கடித பாணியா, காரிய பாணியா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட அலுவலகத்தில் கிராணி வேலை. பாதி நாள் மேலிடத்துக்கு மின்னஞ்சல் எழுதுவதிலேயே போகும். ஒப்புதல் கொடுப்பவர் ஈப்போவில் இருக்கிறார், பல தோட்டங்கள் அவர் பொறுப்பில். காலையில் அவர் எந்தத் தோட்டத்தின் செம்மண் சாலையில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அவர் திறந்து பார்த்து உடனே பதில் போடும்படி தலைப்பு எழுத மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன். நான் இப்போது இரண்டாவது வழிக்கு மாறிவிட்டேன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்வதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி கடித பாணி. அரசாங்கக் கடிதத்தில் வணக்கத்துக்குக் கீழே தடித்த பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு வருமே, அதை அப்படியே மின்னஞ்சலுக்குத் தூக்கிப் போடுவது. பள்ளியில் மலாய்க் கடிதம் எழுதப் பழகிய நம் எல்லோருக்கும் கை தானாக இதைத்தான் தட்டும். இரண்டாவதை நான் காரிய பாணி என்பேன்: என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், எதற்கு என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுவது. மூன்றாவது, தலைப்பில் ‘செகேரா’ என்று அவசர முத்திரை குத்துவது. இந்த மூன்றாவதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. உர ஆர்டரும் செகேரா, கூட்டக் குறிப்பும் செகேரா என்றால் படிப்பவர் அந்தச் சொல்லைக் கண்ணிலேயே வாங்க மாட்டார். உண்மையிலேயே அவசரம் என்றால் போன் இருக்கிறது. வேலைக்காட்டில் யாருக்காவது அடிபட்டால் மின்னஞ்சலா எழுதுவோம்?

ஆகவே போட்டி முதல் இரண்டுக்கும்தான். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கு இரண்டு டயர் மாற்ற வேண்டும். வணிக லாரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாகனச் சோதனைக்குப் போக வேண்டும், எங்கள் லாரி போவது புஸ்பாகோமுக்கு. தேய்ந்த டயரோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சோதனைக்குப் புதன்கிழமை பதிவு செய்தாகிவிட்டது. கடைக்காரர் செவ்வாய்க்கிழமை டயர் மாட்டித் தருகிறார். அப்படியென்றால் ஒப்புதல் திங்கள்கிழமைக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் லாரி நிற்கும், வெட்டிய குலை சாலையோரம் கிடக்கும். குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்கத்தான் எல்லோரும் பாடுபடுகிறோம், நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். இவ்வளவும் ஒரு ஒப்புதலில் தொங்குகிறது. மின்னஞ்சல் வெள்ளிக்கிழமை போகிறது.

கடித பாணியில் தலைப்பு இப்படி இருக்கும்:

```
PERMOHONAN KELULUSAN PEMBELIAN TAYAR LORI BAGI KEGUNAAN LADANG
```

தோட்டத்தின் பயன்பாட்டுக்கு லாரி டயர் வாங்க ஒப்புதல் கோரும் விண்ணப்பம். தவறே இல்லாத வாக்கியம். மரியாதையாகவும் இருக்கிறது. கோப்பில் போட்டாலும் பொருந்தும்.

காரிய பாணியில் அதே விஷயம்:

```
Mohon lulus Isnin: 2 tayar lori RM1,840
```

திங்கள்கிழமை ஒப்புதல் வேண்டும், இரண்டு லாரி டயர், இவ்வளவு தொகை. அவ்வளவுதான்.

எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் கணினித் திரையில் இரண்டுமே சரி. அங்கே முழுத் தலைப்பும் தெரியும், படிப்பவருக்கும் நாற்காலியில் உட்கார நேரம் இருக்கும். ஆட்டத்தையே மாற்றுவது கைப்பேசி. போனைப் பொறுத்து, எழுத்தளவைப் பொறுத்துக் கூடக் குறைய இருந்தாலும், நிமிர்த்திப் பிடித்த போனில் தலைப்பின் முதல் 30, 40 எழுத்துகள்தான் தெரியும். அதற்குப் பிறகு மூன்று புள்ளி.

முதல் தலைப்பை எண்ணிப் பாருங்கள். ‘பெர்மொஹொனான் கெலுலுசான் பெம்பெலியான்’ என்ற மூன்று சொல்லும் நடுவில் உள்ள இடைவெளியும் சேர்ந்து சரியாக 30 எழுத்து. ஏதோ வாங்க ஏதோ ஒப்புதல் வேண்டும் என்பதற்கு மேல் ஈப்போக்காரருக்கு ஒன்றும் தெரியாது. டயர் 32ஆவது எழுத்தில்தான் தொடங்குகிறது. ஒரே காலையில் எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று விண்ணப்பம் போனால் மூன்றும் அவர் போனில் ஒரே முகத்தோடு நிற்கும். எதை முதலில் திறப்பது? எதையும் திறக்காமல் மாலையில் பார்த்துக்கொள்வார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். இரண்டாவது தலைப்பு முழுசாகவே 39 எழுத்துதான். கடைசி கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் ‘லோரி’ என்பது 31ஆவது எழுத்தில் முடிந்துவிடுகிறது. போவது தொகை மட்டும்தான்.

தலைப்புக்குக் கீழே மங்கலாக ஒரு வரி தெரியுமே, அதுவும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அது கடிதத்தின் முதல் வாக்கியம். கடித பாணிக்காரர்கள் அங்கே என்ன எழுதுவார்கள்? மேலே குறிப்பிட்ட விஷயத்தைப் பணிவுடன் சுட்டுகிறோம் என்ற அந்த மனப்பாட மலாய் வரியைத்தான். தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு நிற்க, அடுத்த வரி அதே வெட்டுப்பட்ட தலைப்பைப் போய்ப் பார் என்கிறது. இந்த இடத்தை நான் இப்போது காரணத்துக்கு வைத்திருக்கிறேன்: புதன்கிழமை புஸ்பாகோம், கடை செவ்வாய்க்கிழமை மாட்டும், விலைப்பட்டியல் இணைத்திருக்கிறேன். வணக்கம் சொல்லாமல் இல்லை, ஒரே சொல்லில் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

தொகையைத் தலைப்பில் போடும் யோசனை என்னுடையதல்ல, ஈப்போக்காரரே ஒரு முறை போனில் சொன்னார்: “தம்பி, எவ்வளவுன்னு மேலேயே போட்டுடுங்க, ஜீப்புல இருக்கும்போதே பார்த்து முடிச்சுடுவேன்.” சின்னத் தொகையா பெரிய தொகையா என்று தெரிந்தால்தான் இப்போதே பதில் போடலாமா, உட்கார்ந்து பார்க்க வேண்டுமா என்று அவரால் பிரிக்க முடியும். எங்கள் பெரிய கிராணிக்கு இதில் உடன்பாடில்லை. பணக் கணக்கு பூட்டிய திரையிலும் பளிச்சென்று தெரியுமே என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். சம்பளம், அபராதம், ஆள் பெயர் வரும் விஷயங்களில் நானும் தலைப்பில் எதையும் போடுவதில்லை. டயருக்குப் போடலாம்.

மரியாதை என்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு ‘திங்கள்கிழமைக்குள் ஒப்புதல் கொடு’ என்று எழுதினால் உத்தரவு போடுவதுபோல் கேட்கும். ‘மொஹோன்’ என்ற சொல்லுக்கு இடைவெளியோடு ஆறு எழுத்துச் செலவு செய்வது அதற்காகத்தான். கெடுவை எழுதுவதிலும் ஒரு கவனம் வேண்டும். ‘செவ்வாய்க்கு முன்’ என்று எழுதினால் செவ்வாயும் சேர்த்தியா இல்லையா என்று ஆளுக்கு ஆள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். ‘திங்கள்’ என்றே எழுதிவிட்டால் வழக்கு இல்லை.

வேலை செய்கிறதா என்று பதிலை வைத்தே சொல்லிவிடலாம். ‘லுலுஸ்’ என்று ஒரே சொல் திரும்பி வந்தால் தலைப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. உள்ளே எழுதியிருப்பதையே கேள்வியாகக் கேட்டு வந்தால், எந்த லாரி, எப்போதைக்கு என்று, தலைப்பும் முதல் வரியும் தோற்றுவிட்டன என்று பொருள். கேட்ட இரண்டில் ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தால், ஒரே மின்னஞ்சலில் இரண்டு காரியத்தைத் திணித்திருக்கிறோம், பிரித்து அனுப்ப வேண்டும்.

கடித பாணி ஜெயிப்பது ஒப்புதல் வந்ததற்குப் பிறகு. காரிய பாணித் தலைப்பு சீக்கிரம் ஊசிப்போகும். ‘திங்கள் ஒப்புதல் வேண்டும்’ என்ற தலைப்பு புதன்கிழமைக்குச் செத்துவிட்டது, ஆனால் அதே தலைப்பின் கீழேயே டயர் வந்து சேர்ந்ததும், பில் வராததும், அப்புறம் சம்பந்தமே இல்லாத டீசல் கணக்கும் ‘Re:’ போட்டு ஓடிக்கொண்டிருக்கும். கடித பாணித் தலைப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, டயர் பேச்சு எத்தனை வாரம் ஓடினாலும் அது டயர் தலைப்பாகவே இருக்கும். அடுத்த வருடம் தணிக்கைக்காரர் கேட்கும்போது தேடி எடுக்கவும் அதுதான் சுலபம்.

இதற்கு நான் செய்வது, ஒப்புதல் வந்ததும் அந்தத் தொடரை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் புதுத் தலைப்பு போடுவது. ஜிமெயிலில் பதில் எழுதும்போது தலைப்பை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும், அது இங்கே நமக்குச் சாதகம். தேடலுக்காக லாரி எண்ணையோ ஆர்டர் எண்ணையோ தலைப்பின் வாலில் ஒட்டுகிறேன். போனில் வெட்டுப்பட்டாலும் தேடும்போது அகப்படும். கூடுதல் வேலைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மறந்தால் மறுபடி அதே குப்பை சேரும்.

தமிழில் எழுதும் மின்னஞ்சலுக்கும் இதே கணக்கு பொருந்தும், கொஞ்சம் கூடுதலாகவே. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். கோவில் நிர்வாகக் குழுவுக்கு ‘எதிர்வரும் திருவிழா அன்னதானப் பொருள்கள் வாங்குவது தொடர்பாக ஒப்புதல் கோருதல்’ என்று எழுதினால் கேட்பது என்ன என்பது வாலில் போய் ஒளிந்துகொள்ளும். ‘ஞாயிறுக்குள் ஒப்புதல்: அன்னதான அரிசி 10 மூட்டை’ என்று திருப்பிப் போட்டால் இடைவெளியோடு முப்பது எழுத்தில் எல்லாம் அடங்கிவிடும். கேட்க இலக்கணமாக இருக்காது. தலைவருக்குப் பழக்கமாகும்வரை யாராவது முகம் சுளிப்பார்கள்.

அரசு அலுவலகங்களுக்கு எழுதும்போது நான் இன்னும் கடித பாணியைத்தான் பிடித்திருக்கிறேன். இணைப்பில் போகும் கடிதத்தில் தலைப்பும் கோப்பு எண்ணும் முறைப்படி, மின்னஞ்சல் தலைப்பிலும் அதேதான். அங்கே பதிவுக் கிராணி தலைப்பைப் பார்த்துத்தான் எந்த மேசைக்கு என்று பிரிக்கிறார், போனில் யாரும் ஒப்புதல் கொடுப்பதில்லை. நூறு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் அறிவிப்புகளில் எனக்கு அனுபவம் குறைவு. தோட்டத்தில் அதெல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது, அங்கே தலைப்பே கிடையாது.