கொலஸ்டியாடோமா ஆபரேஷன்: காதுச் சுவரை வெச்சுக்கறதா, எடுத்துடறதா?

காதுல வருஷக்கணக்கா சீழ் வடியுது, டிராப்ஸ் போட்டா கொஞ்ச நாள் நிக்குது, சளி பிடிச்சா மறுபடி வருது, இப்படியே ஓட்டிட்டு இருக்கறவங்கள்ல சிலர்கிட்ட இஎன்டி டாக்டர் ஒருநாள் மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு "இது வெறும் ஜவ்வு ஓட்டை இல்ல, கொலஸ்டியாடோமா, ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும்"னு சொல்லிடறாங்க. சரின்னு இன்னொரு டாக்டர்கிட்டயும் கேக்கப் போனா அவரும் ஆபரேஷன்னுதான் சொல்றார், ஆனா வேற ஆபரேஷன். ஒருத்தர் காதுக்குழாயோட பின்சுவரை அப்படியே வெச்சுப் பண்ணலாம்ங்கறார், இன்னொருத்தர் அந்தச் சுவரை எடுத்துடறதுதான் நல்லதுங்கறார். யாரோ ஒருத்தர் தப்பா சொல்றார்னு நினைச்சுக் குழம்ப வேணாம், ரெண்டுமே சரியான ஆபரேஷன்தான். எந்தக் காதுக்கு எது, யாருக்கு எதுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

அதுக்கு முன்னாடி, டிராப்ஸே போதாதான்னு எல்லாரும் கேப்பாங்க, அதைச் சொல்லிடறேன். மூக்குக்குப் பின்னாடி இருந்து நடுக்காதுக்குக் காத்து போற குழாய் ரொம்ப நாள் சரியா வேலை செய்யலன்னா உள்ள இருக்கற காத்து குறைஞ்சு ஜவ்வு உள்பக்கமா இழுபடும். ஜவ்வோட மேல்பகுதி தளர்வா இருக்கும், அதனால பெரும்பாலும் அங்கதான் பை மாதிரி குழிஞ்சு போகும். நம்ம காது ஜவ்வு மேல இருக்கற தோல் சும்மா இருக்காது, மெதுவா வெளிப்பக்கமா நகந்துக்கிட்டே இருக்கும், செத்த தோலையும் சேத்து வெளிய தள்ளிடும். அந்தப் பைக்குள்ள மாட்டின தோலுக்கு மட்டும் வெளிய வர வழி கிடையாது, செத்த தோல் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்கா சேர ஆரம்பிக்குது, ஈரம் பட்டா கிருமி ஏறி ஒரு மாதிரி அழுகின நாத்தத்தோட கொஞ்சமா சீழ் வரும். இந்தப் பைதான் கொலஸ்டியாடோமா. செத்த தோலுக்கு ரத்த ஓட்டம் இல்ல, மாத்திரை சாப்பிட்டா மருந்து அங்க போய்ச் சேராது, டிராப்ஸ் மேலாக நனைச்சுட்டு நின்னுடும். சீழ் நின்னா நோய் நின்னதுன்னு நாம நினைப்போம், பை பாட்டுக்கு வளந்துட்டு இருக்கும். இது கேன்சர் இல்ல, ஆனா பக்கத்துல இருக்கற எலும்பைக் கரைக்கும்: பெரும்பாலும் முதல்ல காதுக்குள்ள இருக்கற குட்டி எலும்புகள்ல நடுவுல உள்ள பட்டடை எலும்போட நீளமான கால், அப்புறம் பேலன்ஸ் பாக்கற வளைகுழாய் மேல இருக்கற மூடி, முக நரம்பு போற எலும்புக்குழாய், கடைசியா மூளைக்கும் காதுக்கும் நடுவுல இருக்கற மெல்லிசு கூரை. இது எல்லாமே அனேகமா வலியே இல்லாம நடக்கும், அதான் ஆபத்து. உடம்பு மயக்க மருந்தைத் தாங்காதுங்கற வயசானவங்களுக்கு மட்டும் அப்பப்ப மைக்ராஸ்கோப்ல உறிஞ்சி கிளீன் பண்ணிட்டு கவனிச்சுட்டு வர்றதும் உண்டு, மத்தபடி மருந்தும் ஆபரேஷனும் போட்டி போடற ரெண்டு வழி கிடையாது.

இப்ப சுவர் விஷயத்துக்கு வருவோம். காதுக்குப் பின்னாடி தொட்டா கெட்டியா ஒரு எலும்பு இருக்கே, அது மாஸ்டாய்டு. அதுக்கும் காதுக்குழாய்க்கும் நடுவுல ஒரு எலும்புச் சுவர் இருக்கு. நோய் பொதுவா நடுக்காதோட மேல்பக்கம் மேல்மாடம் மாதிரி இருக்கற இடத்துல ஆரம்பிச்சு அந்தச் சுவருக்குப் பின்னாடி மாஸ்டாய்டுக்குள்ள போகும். சுவரை வெச்சுப் பண்ணும்போது டாக்டர் பின்னாடி இருந்து மாஸ்டாய்டைக் கடைஞ்சும், முன்னாடி காதுக்குழாய் வழியாவும், சுவருக்கு ரெண்டு பக்கமும் வேலை பாப்பார். எடுத்துடற ஆபரேஷன்ல சுவரையே கடைஞ்சு இறக்கிட்டு, மாஸ்டாய்டும் காதுக்குழாயும் சேந்து ஒரே குழியா ஆக்கிடுவார், காது வாயையும் கொஞ்சம் பெருசு பண்ணிடுவார், நோய் இருந்த இடம் மொத்தமும் வெளிய இருந்து பாக்கற மாதிரி திறந்து கிடக்கும்.

சுவரை வெச்சுக்கிட்டா காதோட அமைப்பு கிட்டத்தட்ட பழையபடியே இருக்கும், எல்லாம் நல்லா ஆறினப்புறம் பெரும்பாலானவங்க சாதாரணமா குளிக்கலாம், சிலர் நீச்சல்கூட போறாங்க, ஹியரிங் எய்ட் வேணும்னா அதுவும் ஒழுங்கா உக்காரும். ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. சுவர் மறைக்கற மூலைகள்ல தோல் துளி ஒட்டிட்டு இருந்தாலும் அது திரும்ப முத்து மாதிரி வளரும், அது மிச்ச நோய். காத்துக்குழாய் கோளாறு இன்னும் இருந்தா புது ஜவ்வு மறுபடி உள்ள இழுபட்டு புதுசா பை உண்டாகும், அது திரும்பி வந்த நோய். ரெண்டாவதைத் தடுக்கத்தான் மேல்பக்க ஓட்டையைக் காது மடல்ல இருந்து எடுத்த குருத்தெலும்பு வெச்சு கெட்டியா அடைப்பாங்க. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறும், ஆனா சுவரை வெச்ச காதுல நோய் மறுபடி தலைகாட்டறது ஜாஸ்திங்கறதுல பெரிசா சண்டை இல்ல, சின்னப் பசங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. அதனால ஒன்பது மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை திறந்து பாக்கணும், இல்லன்னா டிஃப்யூஷன் எம்ஆர்ஐ எடுக்கணும். அந்த எம்ஆர்ஐ செத்த தோலை வெள்ளையா பளிச்சுன்னு காட்டும், ஆனா ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா தவற விட்டுடலாம், அதனால முதல் ஸ்கேன் சுத்தமா இருக்குன்னு சந்தோஷப்பட்டுட்டு அதோட விட்டுடக்கூடாது, அடுத்த சில வருஷத்துக்குத் தொடர்ந்து எடுக்கணும்.

சுவரை எடுத்தா நோய் திரும்பறது குறைவு, வந்தாலும் கிளினிக்லயே கண்ணுல பட்டுடும். ஆனா குழி தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்காது. ஆறு மாசத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ ஒரு தடவை போய் உறிஞ்சி எடுத்துக்கணும், அது வாழ்நாள் வேலை. குளிக்கும்போது வாஸலின் தடவின பஞ்சு வேணும், ஏன்னா தண்ணி போனா குழி ஈரமாகி சீழ் வரும், சில்லுன்னு தண்ணியோ காத்தோ பட்டா வளைகுழாய் கிட்டயே படறதால தலை கிறுகிறுன்னு சுத்தும். இந்த ஆபரேஷன் பண்ணியும் விடாம சீழ் வருதுன்னா ஆபரேஷன் வகையைத் திட்டறதுக்கு முன்னாடி அது எப்படிப் பண்ணப்பட்டிருக்குன்னு பாக்கணும். முக நரம்புக்கு மேல இருக்கற மேட்டைப் போதுமான அளவு இறக்காம விட்டாலோ காது வாயைச் சின்னதா வெச்சாலோ அந்தக் குழி என்னைக்குமே காயாது, மறுபடி சரி பண்ண வேண்டி வரும்.

காது கேக்கறதுல எது மேல்னுதான் நிறைய பேர் கேக்கறாங்க. சுவரை விடப் பெரிய விஷயம் அந்தக் குட்டி எலும்புகள்ல கடைசியா உள்காதைத் தொட்டு நிக்கற அங்கவடி எலும்பு மிஞ்சியிருக்கா இல்லையாங்கறது, அது நல்லா இருந்தா அது மேல சின்னதா ஒரு செயற்கை எலும்பு வெச்சுக் கேக்கற திறனை ஓரளவு மீட்கலாம், அதோட மேல்பகுதியும் கரைஞ்சுட்டா எந்த ஆபரேஷன்லயும் பலன் குறைவுதான். இன்னொரு விஷயம், சில பேருக்கு எலும்பு அறுந்த இடத்துல கொலஸ்டியாடோமாவே பாலமா நின்னு சத்தத்தைக் கடத்திட்டு இருக்கும், ஆடியோகிராம் நல்லாவே வரும், நோயை எடுத்ததும் கேக்கறது குறைஞ்சுடும். இதை முன்னாடியே யாரும் சொல்லலன்னா டாக்டர் காதைக் கெடுத்துட்டார்னு மனசு உடைஞ்சு போறாங்க. அதனால "எனக்கு காது நல்லாத்தானே கேக்குது, எதுக்கு ஆபரேஷன்"ங்கறது இந்த நோய்ல நம்பக்கூடிய வாதமே இல்ல.

ஒரு கேஸை எடுத்துப் பாப்போம். 34 வயசு, சின்ன வயசுல இருந்து வலது காதுல சீழ், இடது காது நல்லா இருக்கு. ஆடியோகிராம்ல வலது காதுல காத்து வழி கேட்பு 45 டெசிபல், எலும்பு வழி 10, அதாவது உள்காது நல்லாத்தான் இருக்கு, சத்தத்தைக் கடத்தற பாதைதான் கெட்டிருக்கு. மேல்பக்கம் ஒட்டிட்டு இருந்த காஞ்ச பொருக்கை உறிஞ்சி எடுத்துப் பாத்தா கீழ ஓட்டை, அதுக்குள்ள வெள்ளையா சருகு. (அந்தப் பொருக்கைக் காது அழுக்குன்னு நினைச்சு விட்டுட்டா நோய் தப்பிச்சுடும்.) சிடி ஸ்கேன்ல மேல்மாடத்தோட எலும்பு விளிம்பு மழுங்கியிருக்கு, மாஸ்டாய்டு கெட்டியா சுருங்கிப் போய் உள்ள இடமே இல்ல, பக்கவாட்டு வளைகுழாய் மூடி ஒரு இடத்துல தெரியல. கேட்டா, காது முன்னாடி இருக்கற முனையை அமுக்கினா தலை சுத்துதுன்னு அவரே சொல்றார். வேலை விஷயமா ஊர் ஊரா சுத்தறவர், வருஷா வருஷம் ஸ்கேனுக்கு வருவேன்னு உறுதியா சொல்ல முடியல.

இவருக்கு நான் சுவரை எடுக்கற பக்கம்தான் நிப்பேன். சுருங்கின மாஸ்டாய்டுல சுவரை வெச்சு வேலை செய்ய இடம் பத்தாது, வளைகுழாய்ல ஓட்டை இருக்கற இடத்துல மறைவா நோய் வளர விடக்கூடாது, குழியும் சின்னதாத்தான் வரும், அதனால பராமரிப்பு கொஞ்சம் லேசு. ஆனா இதே நோய் பத்து வயசுப் பிள்ளைக்கு, நல்லா காத்தோட்டமான பெரிய மாஸ்டாய்டுல, மேல்மாடத்தோட நின்னிருந்தா, வீட்டுல ஒழுங்கா கூட்டிட்டு வருவாங்கன்னா, சுவரை வெச்சுத்தான் பண்ணச் சொல்வேன், பெரிய குழியோட வளர்ற பிள்ளை எத்தனை வருஷம் தண்ணிக்குப் பயந்து இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மேல்மாடத்துலயே நின்னுட்ட சின்ன நோய்க்கு மாஸ்டாய்டைத் தொடாம எண்டோஸ்கோப்பை மட்டும் வெச்சு காதுக்குழாய் வழியாவே பண்றவங்களும் இருக்காங்க. சுவரை எடுத்து நோயைச் சுத்தமா எடுத்துட்டு, அப்புறம் அந்தக் குழியை எலும்புத் தூள், குருத்தெலும்பு வெச்சு நிரப்பி மூடறதும் உண்டு, தண்ணித் தொல்லை குறையும், ஆனா நிரப்பினதுக்குக் கீழ ஏதாவது மாட்டியிருந்தா கண்ணுக்குத் தெரியாது, அங்கயும் எம்ஆர்ஐ இல்லாம நம்ப முடியாது.

எந்த ஆபரேஷனா இருந்தாலும் கேட்டு வெச்சுக்க வேண்டிய அபாயங்கள் ஒரே மாதிரிதான்: முக நரம்புக்கு அடி, உள்காது செயலிழந்து அந்தக் காது முழுசா கேக்காம போறது, ரெண்டுமே அபூர்வம். ஆனா நாக்குல ஒரு பக்கம் ருசி மாறி இரும்பு மாதிரி தெரியறது நிறைய பேருக்கு வரும், பெரும்பாலும் சில மாசத்துல சரியாகிடும்.

ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கண்ணை இறுக மூட முடியாம போனாலோ, தலை சுத்தல் விடாம வந்தாலோ, காய்ச்சலோட கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, தூக்கக் கலக்கம் மாதிரி ஏதாவது தெரிஞ்சாலோ, காதுக்குப் பின்னாடி வீங்கி காது மடல் முன்னாடி தள்ளினாலோ, தேதி வரட்டும்னு இருக்காம அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.